ஏ, ஆன், தி: படம் பிரித்துப் பயிலும் முறை

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வந்து நிற்கும் ஏ, ஆன், தி என்னும் மூன்று சிறு சொற்களை ஆர்ட்டிக்கல் என்பர். இவற்றிற்கு நேரான சொற்கள் தமிழிலும் இல்லை. மலாய் மொழியிலும் இல்லை. 'அவர் ஆசிரியர்' என்று நாம் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்திலோ 'ஹீ இஸ் ஏ டீச்சர்' என்றால்தான் வாக்கியம் நிறைவு பெறும். ஆகவே நம் மாணவர்கள் இச்சொற்களை விட்டுவிடுவது இயல்பே. படங்களைப் பிரித்து அடுக்குவதன் மூலம் இவற்றை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை இங்கு விளக்குவோம்.

முதற்பாடத்திற்கு எட்டுப் படங்களும் இரண்டு தட்டுகளும் போதும். முட்டை, குடை, எறும்பு, யானை, மரம், நாய், சிறுவன், பள்ளிச் சீருடை ஆகியவை அப்படங்கள். மாணவர் ஒவ்வொரு படத்தின் ஆங்கிலப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி, உயிரொலியில் தொடங்கினால் ஆன் தட்டிலும், மெய்யொலியில் தொடங்கினால் ஏ தட்டிலும் வைத்தல் வேண்டும். இது நமக்குப் புதிதன்று. உயிரெழுத்துக்கு முன் 'ஓர் இலை' என்றும், மற்ற இடங்களில் 'ஒரு மரம்' என்றும் நாம் எழுதுகிறோம் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

இங்கே இரு தடைகள் எழும். முதலாவது, சீருடை. யூனிஃபார்ம் என்னும் சொல்லின் ஆங்கில முதலெழுத்து உயிரெழுத்தாதலால், மாணவர் அதனை ஆன் தட்டில் வைத்துவிடுவர். அச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கச் செய்தால் 'யூ' என்னும் உயிர்மெய் கண்ணுக்குத் தெரியும். 'ஒரு யானை' என்பது போல 'ஏ யூனிஃபார்ம்' என்பதே சரி. இரண்டாவது தடை நம் நாவில் இருக்கிறது. பேச்சில் நாம் 'எலி' என்பதை 'யெலி' என்று ஒலிப்பதுண்டு. அப்பழக்கத்தால் எக் என்பது 'யெக்' ஆகிவிட, மாணவர் முட்டையை ஏ தட்டில் வைப்பார். அவரை 'ஆனெக்', 'ஆனெலிஃபெண்ட்' என்று சேர்த்துச் சொல்லச் செய்யவேண்டும். ஓர் இலை 'ஓரிலை' ஆவது போல், மெய்யின்மேல் உயிர் ஏறி நின்றால் யகரம் தானே மறையும்.

இரண்டாம் பாடத்தில் தட்டுகளின் பெயர் மாறுகிறது. ஒன்று 'கேட்பவர் எதுவென்று அறியாதது'; மற்றொன்று 'கேட்பவர் எதுவென்று அறிந்தது'. ஆசிரியர் ஒரு சிறு கதையைச் சொல்லுகிறார்: 'ஏ பாய் சா ஆன் எக் அண்டர் ஏ ட்ரீ.' சிறுவன், முட்டை, மரம் மூன்றும் இப்பொழுதுதான் அறிமுகமாகின்றன; எனவே முதல் தட்டில் அமர்கின்றன. அடுத்து, 'தி பாய் டுக் தி எக் ஹோம்' என்கிறார். உடனே சிறுவனும் முட்டையும் இரண்டாம் தட்டுக்கு மாறவேண்டும். மரம் மீண்டும் பேசப்படவில்லை. அது முதல் தட்டிலேயே இருக்கும். முட்டை அதே முட்டைதான். மாறியது கேட்பவரின் அறிவு. படத்தைக் கையால் நகர்த்தும்பொழுது இவ்வுண்மை மாணவருக்கு விளங்கும். கதை நகர்ந்தும் படத்தை நகர்த்தாத மாணவர், ஏ என்பது முட்டைக்கே உரிய சொல் என்று எண்ணியிருக்கிறார் என அறியலாம்.

தமிழும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. 'முட்டை வாங்கினேன்' என்பதற்கும் 'முட்டையை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். பின்னதில் எந்த முட்டை என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் தி என்றால் 'அந்த' என்று மனனம் செய்வது தவறான வழி. சூரியன் படத்தை எடுத்துக்கொள்வோம். நாம் 'அந்தச் சூரியன் உதித்தது' என்பதில்லை. எனினும், சூரியன் எது என்று எவரும் கேட்கமாட்டாராதலால், ஆங்கிலத்தில் முதன்முறை சொல்லும்பொழுதே 'தி சன்' என்கிறோம்.

இறுதியாகச் சோறு, பால் ஆகிய படங்களுக்கு மூன்றாவது தட்டு ஒன்று வைக்கவேண்டும். இவற்றை ஒன்று, இரண்டு என எண்ண இயலாது. ஆகவே பொதுவாகச் சொல்லும்பொழுது ரைஸ், மில்க் என்று வெறுமனே சொல்லுகிறோம். மேசைமேலுள்ள குறிப்பிட்ட சோறு என்றால் 'தி ரைஸ்' ஆகும். 'ஏ ரைஸ்' என்பது பிழை. படிக்கச் செல்வதைக் கூறும் 'கோ டு ஸ்கூல்' போன்ற தொடர்கள் இத்தட்டுகளில் அடங்கா. அவற்றை வழக்கினால் மட்டுமே பயிலவேண்டும்.

பெற்றோர்களே, இரண்டாம் பாடத்திற்கு உதவ நீங்கள் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. பழைய நாட்காட்டியிலிருந்து படங்களை வெட்டிக் கொடுத்து, பிள்ளையைத் தமிழிலேயே கதை சொல்லச் செய்யுங்கள். பிள்ளை ஒரு பொருளைக் குறிப்பிடும்பொழுதெல்லாம் 'எது?' என்று கேளுங்கள். 'முன்பே சொன்னேனே, அதுதான்' என்றோ, 'உலகில் ஒன்றுதானே உண்டு' என்றோ விடை வந்தால், அங்கே தி வரவேண்டும். 'ஏதோ ஒன்று' என்று வந்தால் ஏ அல்லது ஆன்.