பாட்டிக்கும் வைத்தியருக்கும் நடுவே தாதி

ஏ9 வீதியும் ஏ6 வீதியும் சந்திக்கும் தம்புள்ளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மரக்கறி வியாபாரிகள் வருகிறார்கள். மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் மலையகத் தமிழரும், சிறு நகரங்களில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். இவர்களில் பலருக்குச் சந்தையில் பேரம் பேசவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் சிங்களம் போதும். தன் உடம்புக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ளவும், அதைப் பற்றி ஒரு முடிவெடுக்கவும் அது போதாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் கிளினிக் அறையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சட்டம் தானாகக் கொண்டுவந்து அமர்த்துவதில்லை. அந்த வேலை பெரும்பாலும் இரண்டு மொழியும் தெரிந்த தாதியின் தலையில்தான் விழுகிறது. ஊசி போடுவதையும் மருந்து அளப்பதையும் போல இதுவும் ஒரு மருத்துவச் செயல். அவற்றைப் பயிற்சியில்லாத ஒருவரிடம் விடமாட்டோம். இதை மட்டும் நல்ல மனதை நம்பி விட்டுவிடுகிறோம். அதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். தம்புள்ளைக்கு வடக்கே தொடங்கும் வடமத்திய மாகாணத்தில் காரணம் சரிவரத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலிருந்து பேசப்படுகிறது. ஆகவே சிறுநீரக நோயையே எடுத்துக்கொள்ளலாம். பாட்டிக்கு 74 வயது, தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். இரத்தப் பரிசோதனையைக் கொண்டு கணக்கிட்டால் அவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 20 மில்லிலீற்றர் வடிகட்டுகின்றன. ஆரோக்கியமான இளம் வயதினரிடம் இது 100க்குக் கிட்டவாக இருக்கும். 15க்கும் 29க்கும் இடைப்பட்டது நான்காம் நிலை, 15க்குக் கீழே போனால் கடைசி நிலை. வைத்தியர் சிங்களத்தில் நான்கு செய்திகள் சொல்கிறார்: இழந்த வேலைத்திறன் திரும்பி வராது, வேகத்தைக் குறைக்கலாம், டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது, டயாலிசிஸ் வேண்டுமா என்பதை இப்போதே யோசிக்கத் தொடங்க வேண்டும். பாட்டியின் முகத்தைப் பார்க்கும் தாதி, “பாட்டி, சிறுநீரகத்துல கொஞ்சம் பிரச்சினை இருக்கு, மருந்த ஒழுங்கா எடுத்தா சரி” என்கிறார். பாட்டி தலையாட்டுகிறார். வைத்தியர் தம் நான்கு செய்திகளும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைக்கிறார். இந்த நோய் நெடுங்காலம் வலிப்பதில்லை. அதனால் “கொஞ்சம் பிரச்சினை” என்று கேட்டவர் உடம்பு லேசாக இருக்கும் மாதத்தில் கிளினிக்கைத் தவறவிடுவார். முழங்கால் நோகும்போது கடையில் அதே வலி மாத்திரையை வாங்குவார். இரக்கத்தில் விடுபட்ட வாக்கியம் சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் திறனையும் தின்றுவிடும்.

இப்படி நடப்பது அபூர்வமல்ல என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்க மருத்துவர் கிளென் ஃப்ளோரஸ் குழுவினர் 2003இல், மொழிபெயர்ப்புடன் நடந்த 13 குழந்தை மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவை வரி வரியாக ஆராய்ந்தனர். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகள். அவற்றில் பாதிக்கு மேல், சொன்னதை விட்டுவிட்ட பிழைகள். அவர்களே 2012இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பயிற்சியற்றவர்கள் செய்த பிழைகளில் 22 சதவீதம் நோயாளியைப் பாதிக்கக்கூடியவையாக இருந்தன. நூறு மணி நேரமாவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களிடம் அது 2 சதவீதம்தான். ஸ்பானிய மொழியைப் பற்றிய அமெரிக்க ஆய்வுகளின் எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் பயிற்சியால் இவ்வளவு வேறுபாடு வரும் என்றால், இதை வெறும் மொழித் திறமை என்று ஒதுக்கவும் முடியாது.

தாதிக்கு மருத்துவம் தெரியும், வெளி ஆளைவிட அவர் மேல் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்தின் பெயரையும் அளவையும் அவர் பிழையின்றிச் சொல்வார். ஆனால் அந்த அறிவே இன்னொரு பக்கம் வழுக்கிவிடுகிறது. பயிற்சி பெறாமல் மொழிபெயர்ப்பாளராகச் செயற்பட்ட தாதியரைப் பற்றி 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 21 சந்திப்புகளை ஒளிப்பதிவு செய்து பார்த்தது. ஏறத்தாழப் பாதியில் கடுமையான விளங்காமை இருந்தது. நோயாளி தன் வழக்கப்படி சொன்ன விளக்கத்தை, வைத்தியர் எதிர்பார்க்கும் நோய்க்கதைக்குப் பொருந்துமாறு தாதியர் திருத்திச் சொல்லியிருந்தார்கள். நம் பாட்டியும், “கால் வீங்குனா ஈச்சுரமூலிக் கஷாயம் குடிப்பேன் மிஸ்” என்று சொல்லியிருக்கலாம். வைத்தியர் ஏசுவாரே என்றோ, இதெல்லாம் சின்ன விஷயம் என்றோ தாதி அதை விட்டுவிடலாம். ஆனால் ஈச்சுரமூலி சேர்ந்த தாவரக் குடும்பத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சிதைக்கும். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்களிடம் இது வெளிப்பட்டது. சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய அந்த ஒரு வாக்கியம் வைத்தியரின் காதுக்குப் போகவேயில்லை.

எனவே செய்ய வேண்டியது, தாதியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அவர் செய்யும் இரண்டு வேலைகளைப் பிரிப்பது. பாட்டியை உள்ளே அழைக்குமுன் வைத்தியரும் தாதியும் இரண்டு நிமிடம் பேசி, என்ன செய்தி, எந்த வரிசை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வைத்தியர் ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். பாட்டியைப் பார்த்தே பேச வேண்டும். அறையில் யார் எது சொன்னாலும், திட்டினாலும் அழுதாலும், அது மறுபக்கத்துக்கு முழுவதும் போக வேண்டும். தாதி தானாக ஒன்றை விளக்க விரும்பினால், “இது வைத்தியர் சொன்னதில்ல பாட்டி, நான் சொல்றது” என்று அறிவித்து, அதை வைத்தியருக்கும் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சோதிக்க வேண்டும். “விளங்கிச்சா?” என்று கேட்டால் எந்தப் பாட்டியும் “ஓம்” என்றுதான் சொல்வார். “வீட்டுக்குப் போய் மகன்கிட்ட என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டால், செய்தி எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது அவர் பதிலிலேயே தெரிந்துவிடும். வலி மாத்திரை அதில் வரவில்லையென்றால், அந்த ஒரு செய்தியை மட்டும் திரும்பச் சொல்லலாம்.

மகனே சொல்லட்டுமே என்பார்கள் சிலர். மகனுக்கும் பயம் உண்டு, டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப்போவது யார் என்ற கணக்கும் உண்டு. அவர் பாட்டியின் பக்கத்தில் இருக்கட்டும், வாயாக வேண்டாம். நேரமில்லை என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம், ஏனென்றால் கிளினிக் நெரிசல் உண்மையானது. ஆனால் இவ்வளவையும் ஒவ்வொரு மாத்திரைச் சீட்டுக்கும் செய்யச் சொல்லவில்லை. திரும்ப மாற்ற முடியாத நோயைச் சொல்லும் நாளுக்கு மட்டும் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்கிறோம். உண்மையைக் கேட்டால் பாட்டி உடைந்துபோவார் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. கெட்ட செய்தி சொல்வதற்காக 2000ஆம் ஆண்டில் வெளியான ஆறு படி முறையில், நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பது மூன்றாவது படி. “எல்லாத்தையும் சொல்லவா, மகன்கிட்ட சொல்லவா?” என்று கேட்டு, மகனிடம் சொல்லுங்கள் என்று பாட்டி பதில் சொன்னால் அது அவருடைய முடிவு. கேட்காமல் மறைத்தால் அது தாதியின் முடிவு. டயாலிசிஸில் இந்த வேறுபாடு பெரிது. 75 வயதைக் கடந்து, இதய நோய் போன்ற வேறு கடும் நோய்களும் உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் ஆயுளைப் பெரிதாக நீட்டுவதில்லை என்று 2007இல் ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. இயந்திரத்தோடு வாரம் மூன்று நாளா, மருந்தோடு வீட்டிலா என்பதில் சரியான விடை ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தெரிவு செய்ய வேண்டியவர் பாட்டி. நிலைமை தெரியாதவரால் தெரிவு செய்ய முடியாது.

இதற்குப் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. தாதியர் பயிற்சியில் மொழிபெயர்ப்புக்கென ஒரு பாடம் வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நேரத்தில் தாதிக்கு வேறு நோயாளியை ஒப்படைக்காத ஒழுங்கு வேண்டும். மருந்தின் அளவைக் குறிக்கும் அதே கிளினிக் கொப்பியில், யார் மொழிபெயர்த்தார், பாட்டி தன் சொற்களில் என்ன திருப்பிச் சொன்னார் என்று இரண்டு வரி எழுத வேண்டும். அந்த வரிகள் இருந்தால் அடுத்த முறை வரும் வைத்தியர், பாட்டிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறிந்து அங்கிருந்தே தொடங்கலாம்.