தேர்வுச் செயலியில் பிசகாத கடிகாரம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். அதற்கான பயிற்சிச் செயலியைப் பிரவுசரில் இயங்கும்படி உருவாக்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கடிகாரத்தில்தான்.

10,800 நொடிகளில் தொடங்கி, நொடிக்கு ஒன்றாகக் கழித்துக்கொண்டே வருவது எளிய வழி. ஆனால் மாணவர் வேறு பக்கத்துக்குத் தாவினால், பின்னணியில் இருக்கும் டைமரைப் பிரவுசர் மெதுவாக்கிவிடும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால், கடிகாரத்தில் அதைவிடக் குறைந்த நேரமே கழிந்திருக்கும். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும்.

எனவே தேர்வு தொடங்கும்போதே முடியும் நேரத்தைக் கணக்கிட்டுச் சேமிக்க வேண்டும். மீதி நேரத்தை ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிடலாம்:

```
const left = endTime - Date.now();
```

`endTime` மதிப்பை `localStorage`-இல் வைத்தால், பக்கம் மீண்டும் திறந்தாலும் கடிகாரம் விட்ட இடத்துக்குப் போகாது. சரியான நேரத்தையே காட்டும். போனின் நேரத்தையே மாற்றி ஏமாற்றுவதைத் தடுக்க மட்டும் சர்வரின் நேரம் தேவைப்படும்.

மதிப்பெண்ணைச் சேமிக்கும்போது, மொத்தத்தோடு கேள்வி எண்ணையும் மாணவர் தேர்ந்த விடையையும் பதிய வேண்டும். கேள்வி வங்கியில் ஒரு விடை பின்னர் திருத்தப்பட்டால், பழைய மதிப்பெண்ணை மறுபடி கணக்கிட அதுவே உதவும்.