அனுப்பிய பக்கங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினாலும் செலவு குறைவது எப்படி?

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அரட்டைச் செயலியை எடுத்துக்கொள்வோம். பாலிசி விதிகள் முழுவதும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்ற அறிவுரைகளும் சேர்ந்து 20,000 டோக்கன் நீளமுள்ள ஒரு தொடக்க உரையாக அதில் இருக்கின்றன. ஏஐ மாடல்கள் எழுத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும். அந்தத் துண்டுதான் டோக்கன். கட்டணமும் டோக்கன் கணக்கில்தான்.

வாடிக்கையாளர் ஒருவர், “கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு?” என்று கேட்கிறார். பதில் வருகிறது. அடுத்து, “அது எங்க அம்மாவுக்கும் பொருந்துமா?” என்கிறார். அந்த ‘அது’ எது என்று மாடலுக்குத் தெரியாது. முதல் பதிலைச் சொல்லி முடித்ததுமே அந்த உரையாடல் அதன் நினைவில் இல்லை. அதனால் செயலி, பாலிசி விதிகள், முதல் கேள்வி, முதல் பதில், இரண்டாம் கேள்வி என எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அனுப்புகிறது. பத்தாவது கேள்வி வரும்போது அதே 20,000 டோக்கன் பத்தாவது முறையாகப் போகும்.

கேள்விக்கு 100 டோக்கன், பதிலுக்கு 400 டோக்கன் என்று வைத்துக் கணக்குப் போடலாம். பத்துக் கேள்விகளுக்கு மாடல் படிக்க வேண்டியது மொத்தம் 2,23,500 டோக்கன். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் 3.5 சானெட் மாடலுக்கு 2024-இல் இருந்த விலை, படிக்கும் பத்து லட்சம் டோக்கனுக்கு 3 டாலர். அதன்படி படிப்பதற்கு மட்டும் 67 சென்ட் ஆகிறது. இதில் 1,80,000 டோக்கன், முன்பே அனுப்பிய அதே பாலிசி விதிகள்தான்.

இந்த வீண்செலவைக் குறைக்க வந்ததுதான் ப்ராம்ப்ட் கேஷிங். 2024 ஆகஸ்டில் ஆந்த்ரோபிக் இதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஓப்பன்ஏஐயும் தன் மாடல்களுக்கு இந்த வசதியைத் தந்தது.

இங்கே சேமித்து வைக்கப்படுவது பதில் அல்ல. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பதில் ஒவ்வொரு முறையும் புதிதாகவே எழுதப்படுகிறது. சேமிக்கப்படுவது, படித்ததால் கிடைத்த கணக்குகள். பதிலின் முதல் சொல்லை எழுதுவதற்கு முன் மாடல், தனக்கு வந்த ஒவ்வொரு டோக்கனுக்கும் தன் ஒவ்வோர் அடுக்கிலும் ‘கீ’, ‘வேல்யூ’ என்ற இரண்டு எண்வரிசைகளைக் கணக்கிடுகிறது. பின்னால் வரும் டோக்கன்கள் இந்த எண்களைப் பார்த்துத்தான் முன்னால் என்ன சொல்லப்பட்டது என்பதை எடுத்துக்கொள்கின்றன. நீண்ட உரையைப் படிக்க நேரமும் பணமும் ஆவது இந்தக் கணக்கீட்டால்தான்.

இந்த மாடல்களில் ஒரு டோக்கனின் எண்கள், அந்த டோக்கனையும் அதற்கு முன்னால் இருப்பவற்றையும் மட்டுமே பொறுத்தவை. பின்னால் என்ன வந்தாலும் அவை மாறுவதில்லை. ஆகவே முதல் 20,000 டோக்கன் எழுத்துக்கு எழுத்து அதேதான் என்றால், அவற்றின் எண்களும் அதேதான். ஒருமுறை கணக்கிட்டதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்து தொடரலாம். கணினிக்கு வேலை குறைவதால் கட்டணம் குறைகிறது. பதிலின் முதல் சொல் திரையில் வரவும் அவ்வளவு நேரம் ஆவதில்லை.

ஆந்த்ரோபிக்கின் கட்டண முறையில், கேஷில் எழுதி வைக்கக் கால் பங்கு கூடுதல்: 3 டாலருக்குப் பதில் 3.75 டாலர். கேஷிலிருந்து எடுத்துப் படிக்கப் பத்தில் ஒரு பங்கு: 30 சென்ட். எழுதியதை ஒரே ஒருமுறை திரும்பப் படித்தாலே அந்தக் கூடுதல் செலவு ஈடாகிவிடும். நம் காப்பீட்டுச் செயலி, தொடக்க உரையோடு வளர்ந்துவரும் உரையாடலையும் ஒவ்வொரு முறையும் கேஷில் சேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், எழுதப்படுவது 24,600 டோக்கன். மீதி 1,98,900 டோக்கன் கேஷிலிருந்து படிக்கப்படுகிறது. மொத்தச் செலவு சுமார் 15 சென்ட். 67 எங்கே, 15 எங்கே! மாடல் எழுதும் பதில்களுக்கான கட்டணம் மட்டும் இரண்டு முறையிலும் ஒன்றுதான். அதில் தள்ளுபடி கிடையாது.

ஆனால் ‘எழுத்துக்கு எழுத்து அதேதான்’ என்ற நிபந்தனை கறாரானது. செங்கல் சுவரில் கீழ்வரிசைக் கல்லை மாற்றினால் அதற்கு மேல் கட்டியதையெல்லாம் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். இங்கேயும் அப்படித்தான். முன்னால் ஓர் எழுத்து மாறினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் செல்லாமல் போகும்.

நடைமுறையில் இது பெரும்பாலும் உரையின் முதல் வரியிலேயே நடக்கிறது. மாடலுக்கு நேரம் தெரியட்டும் என்று, “இப்போது மணி 10:42:07” என்ற வரியைச் செயலி உரையின் தலையில் போட்டு அனுப்பும். நொடிக்கு நொடி அது மாறுவதால் எந்தக் கோரிக்கையும் முந்தையதோடு பொருந்தாது. எல்லாமே ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படும், கால் பங்கு கூடுதல் கட்டணத்தோடு. நம் பத்துக் கேள்விக்கு அப்போது 84 சென்ட். கேஷிங்கே இல்லாததைவிட அதிகம்! வாடிக்கையாளரின் பெயரை முதல் வரியில் வைத்தால், ஒருவருக்காக எழுதிய கேஷ் இன்னொருவருக்குப் பயன்படாது. மாறக்கூடிய எதையும் கடைசியில், கேள்விக்குப் பக்கத்தில் வைப்பதே இதற்குத் தீர்வு.

பதில்களைப் பார்த்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. அவை சரியாகவே இருக்கும். ஒவ்வொரு பதிலோடும் வரும் பயன்பாட்டுக் கணக்கில்தான் தெரியும். நம் உரையாடலில் இரண்டாம் கேள்விக்கு, எல்லாம் ஒழுங்காக நடந்தால், அது இப்படி இருக்கும்:

```
"cache_creation_input_tokens": 500,
"cache_read_input_tokens": 20100
```

முதல் வரி கேஷில் எழுதியது, இரண்டாம் வரி கேஷிலிருந்து படித்தது. இரண்டாம் வரியில் எப்போதும் 0 என்றே வந்துகொண்டிருந்தால், முன்பகுதியில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அல்லது உரை மிகச் சிறியது: கிளாட் 3.5 சானெட் மாடலில் 1,024 டோக்கனுக்குக் குறைந்த உரை கேஷில் ஏறியதில்லை.

இன்னொரு காரணம் நேரம். ஆந்த்ரோபிக்கின் கேஷ் சாதாரணமாக 5 நிமிடம்தான் இருக்கும். ஒவ்வொரு முறை பயன்படும்போதும் அந்த 5 நிமிடம் புதிதாகத் தொடங்கும். வாடிக்கையாளர் பாலிசிப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பத்து நிமிடம் கழித்து வந்தால், அவருடைய உரையாடல் மறுபடி முதலிலிருந்து எழுதப்பட வேண்டும்.

பாலிசி விதிகளின் நிலை வேறு. அவை எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே என்பதால், அந்தப் பகுதி வரை தனியாகக் குறித்துக் கேஷில் வைத்தால், ஒருவருக்காக எழுதியதை அதே செயலியின் அடுத்த வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தலாம். (ஒரு நிறுவனத்தின் கேஷ் இன்னொரு நிறுவனத்துக்குப் போகாது.) கேள்விகள் அடுத்தடுத்து வரும் பகல் நேரத்தில் அந்த 20,000 டோக்கன் கேஷை விட்டு இறங்காமலே இருக்கும். அரை மணிக்கு ஒருவர் வரும் நள்ளிரவில் அது ஒவ்வொரு முறையும் காலாவதியாகியிருக்கும். அதற்கென்றே ஒரு மணி நேரம் வைத்திருக்கும் வசதி பின்னர் வந்தது. அதில் எழுதும் கட்டணம் இரண்டு மடங்கு. அரை மணிக்கு ஒரு கேள்வியாவது வரும் செயலிக்கு அது கட்டுப்படியாகும், இரண்டு மணிக்கு ஒன்று வரும் செயலிக்கு ஆகாது.