கால அட்டவணையில் காணாமல் போகும் இடைவேளை

எந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் பார்த்தாலும் கால அட்டவணை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இடப்பக்கம் திங்கள் முதல் வெள்ளி வரை கிழமைகள், மேலே ஒன்று முதல் எட்டு வரை பாடவேளைகள். நடுவில் மேலிருந்து கீழாக நீளும் மூன்று ஒடுங்கிய பட்டைகள். முதல் பட்டையில் 'இ', அதன் கீழே 'டை', அதற்கும் கீழே 'வே', 'ளை' என்று எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். தாளில் இது நல்ல ஏற்பாடு. ஐந்து நாளும் ஒரே நேரத்தில் வருகிற இடைவேளையை ஐந்து முறை எழுதுவானேன்?

இதே அட்டவணையைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கண்ணால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. காதால் கேட்பவருக்கு வாரத்தில் நான்கு நாள் இடைவேளையே இல்லாமல் போய்விடும்.

நம் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் பலர் பணிபுரிகிறார்கள். பார்வையற்ற மாணவர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். கணினியில் என்விடிஏ, கைப்பேசியில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்களைக் கொண்டு அவர்கள் பக்கத்தைக் கேட்கிறார்கள். அட்டவணையைப் படம் பிடித்து ஒட்டிவிட்டால் அவர்களுக்கு அதில் எதுவுமே இல்லை; அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை. முறையாக எச்.டி.எம்.எல். அட்டவணையாகவே எழுதியபின் அதற்குள் நேர்கிற பிழைகள்தான் கவனிக்க வேண்டியவை.

திரைவாசிப்பான் அட்டவணையைக் கோட்டையும் நிறத்தையும் வைத்து அறிவதில்லை. எழுதப்பட்ட நிரலில் கட்டங்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அந்த வரிசையிலேயே படிக்கிறது. முதல் வரிசையின் கட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகே இரண்டாம் வரிசைக்குப் போகும். வேண்டிய கட்டத்துக்கு நேராகப் போகவும் வழி உண்டு. என்விடிஏயில் `T` விசையை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குப் போகலாம். உள்ளே `Ctrl+Alt` விசைகளோடு அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம். அப்படி நகரும்போது, நெடுவரிசை மாறினால் அதன் தலைப்பும், வரிசை மாறினால் அந்த வரிசையின் தலைப்பும் சேர்ந்து ஒலிக்கும். "புதன், கணிதம்" என்று கேட்பதற்கும் வெறும் "கணிதம்" என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தலைப்புதான்.

கட்டங்களை இணைக்க இரண்டு பண்புகள் இருக்கின்றன. `colspan` ஒரு கட்டத்தைப் பக்கவாட்டில் பல நெடுவரிசைகளுக்கு அகட்டும். `rowspan` அதைக் கீழ்நோக்கிப் பல வரிசைகளுக்கு நீட்டும். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் படித்த பிள்ளைகளுக்கு இரண்டும் பழக்கமானவை. ஆனால் இணைத்த கட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் நிரலில் அது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: அது தொடங்குகிற வரிசையில்.

இப்போது அந்தப் பட்டைக்குத் திரும்புவோம். இடைவேளைக் கட்டத்துக்கு `rowspan="5"` கொடுத்தால் அது திங்கள் வரிசையில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எட்டுப் பாடவேளை, இரண்டு இடைவேளை, ஓர் உணவு நேரம், கிழமையின் பெயர் என்று திங்களுக்கு 12 கட்டங்கள். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நாளுக்கு 9 கட்டங்கள்தான். தொடர்ந்து கேட்டுக்கொண்டு போகிறவர் திங்களன்று இரண்டாம் பாடவேளைக்குப் பின் இடைவேளையைக் கேட்பார். புதனன்று இரண்டாம் பாடவேளையை ஒட்டியே மூன்றாவது வந்துவிடும்.

எழுத்துகளைக் கீழ்க்கீழாக நிறுத்துவதற்காக ஒவ்வொன்றுக்கும் பின் `<br>` போட்டிருந்தால் அந்தத் திங்கள் இடைவேளையும் பிழைக்காது. "இ… டை… வே… ளை…" என்று நான்கு தனித் துண்டுகளாகத்தான் காதில் விழும். சொல்லைச் சொல்லாகவே எழுதிவிட்டு, செங்குத்தாகத் தெரிவதை `writing-mode: vertical-rl` என்ற அலங்கார விதியிடம் விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், அந்தப் பட்டையே வேண்டாம் என்பேன். அட்டவணையைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். கிழமைகள் மேலே போகட்டும், நேரம் இடப்பக்கம் வரட்டும். இப்போது இடைவேளை ஐந்து நாளுக்கும் குறுக்கே போகும் ஒரு வரிசையாகிவிடும்.

```html
<table>
<caption>9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு</caption>
<tr>
  <th scope="col">நேரம்</th>
  <th scope="col">திங்கள்</th>
  <!-- மற்ற நாட்களும் இப்படியே -->
</tr>
<!-- முதல் இரண்டு பாடவேளைகள் -->
<tr>
  <th scope="row">10.50</th>
  <td colspan="5">இடைவேளை</td>
</tr>
</table>
```

இப்படி எழுதினால், கேட்கும் ஒழுங்கும் பள்ளி மணியடிக்கும் ஒழுங்கும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டாம் பாடவேளை முடிகிறது, "10.50, இடைவேளை" என்று ஒலிக்கிறது, மூன்றாவது தொடங்குகிறது. `caption` இருப்பதால், அட்டவணைக்குள் நுழைந்ததுமே எந்த வகுப்புக்குரியது என்பதும் தெரிந்துவிடும். தலைப்புக் கட்டங்களை `td` ஆக எழுதித் தடித்த எழுத்து மட்டும் கொடுத்திருந்தால் இது நடக்காது. அவை `th` ஆக இருக்க வேண்டும். கீழே உள்ளவற்றுக்குத் தலைப்பா, பக்கத்தில் உள்ளவற்றுக்குத் தலைப்பா என்பதை `scope` சொல்ல வேண்டும்.

ஒரு குறை மிஞ்சுகிறது, மறைப்பதற்கில்லை. புதன் நெடுவரிசையில் மேலிருந்து கீழே வருகிறவர் அகன்ற இடைவேளைக் கட்டத்தைக் கடந்ததும், சில திரைவாசிப்பான்களில் திங்கள் நெடுவரிசைக்கு இழுபட்டுவிடலாம். அந்தக் கட்டம் தொடங்குவது திங்களின் கீழ்தானே. மென்பொருளுக்கு மென்பொருள், பதிப்புக்குப் பதிப்பு இது மாறும். தலைப்புகள் ஒழுங்காக இருந்தால் "திங்கள்" என்று ஒலித்தவுடன் இடம் மாறியது புரிந்துவிடும். இதுவும் கூடாதென்றால் 'இடைவேளை' என்று ஐந்து கட்டங்களிலும் எழுதிவிடலாம். பார்க்கக் கொஞ்சம் நெரிசலாக இருக்கும், அவ்வளவுதான்.

அட்டவணையைத் திருப்பியதற்கு ஒரு விலை உண்டு. இரட்டைப் பாடவேளைகள் முன்பு பக்கவாட்டில் இணைந்திருந்தன. இப்போது கீழ்நோக்கி இணைய வேண்டும். இந்த ஒன்பதாம் வகுப்புக்குப் புதனன்று கடைசி இரண்டு பாடவேளையும் கணினி ஆய்வகம் என்று வைத்துக்கொள்வோம்.

```html
<tr>
  <th scope="row">2.50</th>
  <td>அறிவியல்</td>
  <td>தமிழ்</td>
  <td rowspan="2">கணினி ஆய்வகம்</td>
  <td>கணிதம்</td>
  <td>ஆங்கிலம்</td>
</tr>
<tr>
  <th scope="row">3.30</th>
  <td>தமிழ்</td>
  <td>கணிதம்</td>
  <td>ஆங்கிலம்</td>
  <td>உடற்கல்வி</td>
</tr>
```

3.30 வரிசையில் நான்கு பாடங்கள்தான் உள்ளன. புதனின் இடத்தை மேலிருந்து இறங்கி வந்த ஆய்வகம் பிடித்துக்கொண்டது. ஆங்கிலம் வியாழனுக்கும் உடற்கல்வி வெள்ளிக்கும் உரியவை. தவறிப்போய் இங்கே ஐந்தாவது ஒன்றையும் எழுதினால் அது அட்டவணைக்கு வெளியே வலப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. எந்த வரிசையை எடுத்தாலும், அதில் எழுதிய கட்டங்கள், அகன்ற கட்டங்கள் கூடுதலாகப் பிடித்த இடங்கள், மேலிருந்து இறங்கியவை எல்லாம் சேர்ந்து ஆறு வர வேண்டும்.

எண்ணிப் பார்த்தும் அகப்படாத பிழை வேறொன்று. ஆய்வகத்தைப் புதனிலிருந்து வெள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்கள். வெள்ளியின் ஆங்கிலமும் உடற்கல்வியும் புதனுக்கு வர வேண்டும். மாற்றுகிறவர் 2.50 வரிசையில் புதனுக்கு ஆங்கிலத்தையும் வெள்ளிக்கு ஆய்வகத்தையும் எழுதி, `rowspan="2"` என்பதையும் மறக்காமல் அங்கே கொண்டுபோய் வைக்கிறார். 3.30 வரிசையைத் தொடவில்லை. எண்ணிக்கை ஆறு, சரி. எதுவும் துருத்தவில்லை. ஆனால் கீழ் வரிசையின் நான்கு பாடங்களும் காலியாக இருக்கிற முதல் நான்கு இடங்களில் போய் உட்கார்ந்துவிட்டன. மூன்றாவதாக எழுதியிருந்த ஆங்கிலம் வியாழனை விட்டுப் புதனுக்கு வந்துவிட்டது. உடற்கல்வி வியாழனுக்கு நகர்ந்துவிட்டது. யாருமே மாற்றச் சொல்லாத வியாழக்கிழமை மாறிவிட்டது!

இந்தப் பிழை பார்வையுள்ளவர், இல்லாதவர் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வியாழன் மாலை பந்தோடு மைதானத்துக்குப் போன பிள்ளைகளை ஆங்கில ஆசிரியர் வகுப்பில் தேடிக்கொண்டிருப்பார். இங்கே புதனன்று அடுத்தடுத்து இருமுறை ஆங்கிலம் வந்ததை வைத்துச் சந்தேகப்படலாம், ஆனால் எப்போதும் அப்படித் தடயம் கிடைக்காது. நீண்ட கட்டத்தை இடம் மாற்றினால், அது இறங்குகிற ஒவ்வொரு வரிசையையும் கிழமை கிழமையாகச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்பவருக்கு இந்த நீண்ட கட்டத்தில் இன்னொரு இடர். "2.50, கணினி ஆய்வகம்" என்று கேட்கும்; அது 4.10 வரை நீள்கிறது என்பது எல்லா மென்பொருளிலும் தெளிவாக ஒலிக்காது. இதற்கென்றே `headers` என்ற பண்பு இருக்கிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் `id` கொடுத்து, ஆய்வகக் கட்டத்தில் புதன், 2.50, 3.30 ஆகிய மூன்று தலைப்புகளின் பெயரையும் குறித்துவிடலாம். சிக்கலான அட்டவணைகளுக்கு அது சரியான கருவி. பருவத்துக்கு ஒருமுறையாவது மாறுகிற பள்ளி அட்டவணைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டத்தை நகர்த்திவிட்டு `headers` பண்பைத் திருத்த மறந்தால், வெள்ளிக்கிழமை ஆய்வகம் "புதன்" என்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத பொய் அது. யாரும் கேட்டுப் பார்க்கும்வரை அப்படியே கிடக்கும்.

கட்டத்துக்குள்ளேயே "கணினி ஆய்வகம், 4.10 வரை" என்று எழுதிவிடுவது இதைவிட நல்லது. அதைவிடவும் எளியது, இணைக்காமல் இரண்டு வரிசையிலும் 'கணினி ஆய்வகம்' என்று எழுதுவது. அப்போது எல்லாப் பாட வரிசைகளிலும் ஆறு கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தக் கட்டம் மட்டுமே மாறும். இருமுறை எழுதியது ஒரே தொடர்ச்சி என்று காட்ட விரும்பினால் இரண்டுக்கும் ஒரே பின்னணி நிறம் கொடுக்கலாம். ஆக, இந்த அட்டவணையில் இணைக்கத் தக்கவையாக மிஞ்சுவன இரண்டு இடைவேளையும் உணவு நேரமும்தான்.

கைப்பேசிக்கு வரும்போது ஒரு பொறி இருக்கிறது. 'சமூக அறிவியல்' போன்ற நீண்ட பெயர்களோடு ஆறு நெடுவரிசைகள் சிறு திரையில் அடங்காது. சிலர் `table` குறிக்கே `display: block` கொடுத்துப் பக்கவாட்டில் நகரவைக்கிறார்கள். அப்படிச் செய்தால் சில உலாவிகள் அதை அட்டவணையாகவே திரைவாசிப்பானிடம் சொல்லாமல் விடக்கூடும். `scope` இருந்தும் பயனில்லை. அட்டவணையை ஒரு `div` குறிக்குள் வைத்து, நகரும் வசதியை அந்த `div` குறிக்குக் கொடுக்க வேண்டும். விசைப்பலகையால் மட்டும் இயக்குபவரும் நகர்த்த முடிவதற்கு அதில் `tabindex="0"` சேர்க்க வேண்டும்.

ஏற்றுமுன் சோதிக்க, விலையில்லாமல் கிடைக்கும் என்விடிஏ போதும். திரையை அணைத்துவிட்டு, `T` விசையால் அட்டவணைக்குப் போய், வியாழன் நெடுவரிசையில் காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு கட்டமாக இறங்கிக் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.