யோபுவா, யோவேலா, யோனாவா? பைபிளில் வசனம் தேடக் குழந்தைகளுக்குச் சில விளையாட்டுகள்!

திருப்பூர், வேலம்பாளையம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை கொஞ்சம் லேட்டா எழுந்திருக்கும் ஊர். நீங்க இங்கே ஞாயிறு வகுப்பு எடுக்குறவங்கன்னு வைச்சுக்குவோம். 'மீகா 6:8 எடுங்க'ன்னு சொல்றீங்க. முன்வரிசையில் ஒரு பொண்ணு அஞ்சு செகண்டில் கை தூக்குறா. பின்னாடி ஒரு பையன் ஆதியாகமத்திலிருந்து ஒவ்வொரு பக்கமா புரட்டிட்டு இருக்கான். மூணு வாரம் இப்படியே போனா, நாலாவது வாரம் அவன் புத்தகத்தைத் திறக்கவே மாட்டான்.

அவனுக்கு அறிவு கம்மின்னு அர்த்தமில்லை. எங்கே திறக்கணும்னு யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்லித் தரலாம்னு பார்ப்போம்.

முதல்ல, முகவரியைப் படிக்கணும்

'மீகா 6:8' என்பது வீட்டு முகவரி மாதிரி. மீகா தெரு, 6 வீடு, 8 கதவு. அதாவது புத்தகம், அதிகாரம், வசனம். இந்த எண்களை மூல ஆசிரியர்கள் போடலை. அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இப்போ நாம பயன்படுத்துற வசன எண்களை, பிரெஞ்சு அச்சுக்காரர் ராபர்ட் எஸ்டியென் 1551-ல் போட்டார். தேட வசதியா இருக்கட்டும்னு வந்ததுதான் இந்த எண்கள். அதனால, 'இது தேடுறதுக்கான எண்'னு குழந்தைகிட்ட தைரியமா சொல்லலாம்.

இதில் இரண்டு குழிகள் இருக்கு. ஒண்ணு, எண் முன்னாடி வந்தா அது புத்தகத்தோட பேரில் சேர்ந்தது. பின்னாடி வந்தா அதிகாரம். '1 யோவான் 3' வேற, 'யோவான் 1:3' வேற. யோவான் பேரில் ஒரு சுவிசேஷமும் மூணு நிருபங்களும் இருக்கு. சுவிசேஷம் புதிய ஏற்பாட்டோட ஆரம்பத்தில், நிருபங்கள் கடைசிக்குப் பக்கத்தில். குழந்தை தப்பான இடத்தில் நிக்குதுன்னா, பெரும்பாலும் முன்னாடி இருந்த எண்ணைக் காதில் வாங்கலைன்னு அர்த்தம்.

இரண்டாவது, ஒரே அதிகாரம் உள்ள புத்தகங்கள். ஒபதியா, பிலேமோன், 2 யோவான், 3 யோவான், யூதா என்று மொத்தம் அஞ்சு. 'யூதா 3'ன்னு சொன்னா மூணாவது வசனம். மூணாவது அதிகாரத்தைத் தேடினா கிடைக்கவே கிடைக்காது.

விளையாட்டு 1: கொடிக்கயிறு

பழைய ஏற்பாட்டில் 39 புத்தகம், புதிய ஏற்பாட்டில் 27, மொத்தம் 66. இதை ஒரே மூச்சில் மனப்பாடம் பண்ணச் சொன்னா பிள்ளைகள் மலைச்சுப் போவாங்க. பழைய ஏற்பாட்டை அஞ்சு கட்டா பிரிச்சா சுலபம்: ஆகமங்கள் 5, வரலாறு 12, கவிதை 5, பெரிய தீர்க்கதரிசிகள் 5, சின்ன தீர்க்கதரிசிகள் 12. 5, 12, 5, 5, 12 என்று தாளம் போட்டுச் சொல்லலாம். புதிய ஏற்பாட்டில் சுவிசேஷம் 4, அப்போஸ்தலர் 1, நிருபங்கள் 21, வெளிப்படுத்தின விசேஷம் 1.

பனியன் கம்பெனியில் மிச்சமாகும் கட்டிங் துணிக்கு நம்ம ஊரில் பஞ்சமே இல்லையே! ஒரு கட்டுக்கு ஒரு கலர் துணி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு புத்தகத்தோட பேர். சுவரில் கயிறு கட்டி, கிளிப் போட்டு வரிசையா மாட்டுங்க. பிள்ளைகள் கண்ணை மூடும்போது நீங்க ரெண்டு துண்டை இடம் மாத்துங்க. எது மாறியிருக்குன்னு அவங்க கண்டுபிடிக்கணும். முதல் வாரம் ஒரு கட்டு மட்டும் போதும்.

அடுத்த வாரம் 'பக்கத்து வீடு யாரு?' ஆடுங்க. நீங்க 'மீகா' என்றதும், முன்வீடு யோனா, பின்வீடு நாகூம்னு சொல்லணும். முதல்லருந்து ஒப்பிக்கத் தெரிஞ்ச பிள்ளையும் இதில் திணறும். ஆனா தேடும்போது கை கொடுக்குறது இந்தப் பக்கத்து வீட்டு நினைவுதான்.

விளையாட்டு 2: பாதி, பாதியில் பாதி

புத்தகத்தை மூடி, சரியா நடுவில் திறக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் சங்கீதம் வரும். இப்போ வலதுபக்கக் கட்டை மறுபடி பாதியாக்கினா சின்ன தீர்க்கதரிசிகள் பக்கம் போய் நிக்கும். கொஞ்சம் தள்ளினா மத்தேயு. இடதுபக்கக் கட்டைப் பாதியாக்கினா நியாயாதிபதிகள், 1 சாமுவேல் பக்கம். இந்த மூணு இடமும் கைக்குப் பழகிட்டா, எந்தப் புத்தகமும் ரொம்ப தூரமில்லை.

நம்ம பையனோட மீகா 6:8-ஐயே எடுத்துப் பார்ப்போம். மீகா சின்ன தீர்க்கதரிசி, அதாவது வலதுபக்கப் பாதி. ஒரு தடவை பாதி, இன்னொரு தடவை பாதி. பக்கத்தோட தலையில் 'சகரியா'ன்னு இருக்குன்னு வைங்க. கொடிக்கயிற்றில் மீகா அதுக்கு முன்னாடி இருந்ததால, பின்னோக்கிப் புரட்டணும். நாகூம் வந்தா பக்கத்து வீடு வந்தாச்சு. அப்புறம் பெரிய எண் 6, அதுக்குள்ளே சின்ன எண் 8. நூற்றுக்கணக்கான பக்கம் புரட்டினவன், இப்போ ரெண்டு திறப்பு, சில பக்கங்களில் முடிச்சிடுவான்.

ஒரு எச்சரிக்கை. பின்னாடி அகராதி, வரைபடம் சேர்ந்த தடிமனான பதிப்பில் நடுப்பக்கம் தள்ளிப் போகும். புதிய ஏற்பாடு மட்டும் உள்ள சின்னப் புத்தகத்தில் இந்தக் கணக்கே வேற. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், ஆதியாகமம் தொடக்க நூல். வகுப்பில் ரெண்டு பதிப்பும் இருந்தா, ஒரே பதிப்பு வைச்சிருக்கிறவங்களைச் சேர்த்து உட்கார வைங்க.

விளையாட்டு 3: 'யோ' கண்ணி

யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான். தமிழில் ஐந்தும் 'யோ'. அஞ்சு பேரையும் கலந்து வேகமா சொல்லுங்க. பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காம, அது எந்தக் கலர் துணியோ அந்தத் துணிகிட்ட ஓடிப்போய் நிக்கணும். யோவேலும் யோனாவும் ஒரே கலர் என்பதுதான் இதில் வேடிக்கை.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவங்களுக்குத் தெரிஞ்ச ஜேம்ஸ் நம்ம புத்தகத்தில் யாக்கோபு. ஜூட் என்றால் யூதா. ஒரு பேர் தெரியாம விழிச்சா, இங்கிலீஷ் பேரையும் துணியோட பின்பக்கம் எழுதி வைங்க.

கடைசியாத்தான் போட்டி

ஞாயிறு பள்ளிகளில் 'வாள் பயிற்சி' என்றொரு பழைய போட்டி உண்டு. வேதத்தை வாளுக்கு ஒப்பிடும் எபிரெயர் 4:12-லிருந்து வந்த பேர் அது. புத்தகம் மூடி கையில் இருக்கும். ஆசிரியர் முகவரியைச் சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வாங்க, 'தேடு' என்றதும் திறக்கணும். திருப்பிச் சொல்ற அந்த நொடியை விட்டுடாதீங்க. எண்ணைத் தப்பாக் கேட்டவங்க அங்கேயே திருத்திக்குவாங்க.

முதல்ல கை தூக்கினவங்களுக்கு மட்டும் புள்ளி கொடுத்தா, எப்பவும் அதே ரெண்டு பேர்தான் ஜெயிப்பாங்க. அதனால குழுவில் கடைசி ஆளும் வசனத்தில் விரல் வைச்ச பிறகுதான் குழுவுக்குப் புள்ளி. பக்கத்தில் இருக்கிறவங்க 'இன்னும் வலதுபக்கம்'னு வாயால் சொல்லலாம். கை வைச்சுப் புரட்டிக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் போன வார நேரம், இந்த வார நேரம்னு ஒரு சின்ன அட்டை போடுங்க. 40 செகண்ட் 25 ஆனா அதுவும் வெற்றிதான்.

கண்டுபிடிச்சவர் வசனத்தைச் சத்தமா வாசிக்கணும். அப்பதான் அவர் சரியான வரியில் விரல் வைச்சிருக்காரா, பக்கத்தை மட்டும் பிடிச்சுட்டு கை தூக்கினாரான்னு தெரியும். வாசிக்கத் திணறுற பிள்ளைன்னா, கூட ஒருத்தர் சேர்ந்து வாசிக்கட்டும்.

1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியை ஆரம்பிச்சது, வாரம் முழுக்க வேலைக்குப் போய், ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைச்ச ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தரத்தான். வேலம்பாளையத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பையன் மாதிரி பிள்ளைகளுக்காகத்தான்னு வைச்சுக்கோங்க. அடுத்த ஞாயிறு முதல் முகவரியை அவனையே சொல்லச் சொல்லுங்க. மற்றவங்க தேடட்டும்!