தீபாவளிக்கு முன் வரும் நகைக்கடைக் கடிதம்

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே, பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்கு நகைக்கடை முதலாளியின் கடிதம் வந்துவிடும். புது டிசைன்களை மற்றவர்களுக்கு முன்னால் பார்க்கக் குடும்பத்தோடு வரச்சொல்லும் நாலு வரி.

அதில் முக்கியமானது சலுகை வரி. "சேதாரத்தில் பாதி தள்ளுபடி" என்றிருந்தால் கணக்குப் போடலாம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலிக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம், பாதி குறைந்தால் 0.48 கிராம் தங்கத்தின் விலை மிச்சம். வெறும் "சிறப்புச் சலுகை" என்றால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சேதாரத்தைக் குறைத்துச் செய்கூலியை ஏற்றினாலும் மிச்சம் கரைந்துவிடும்.

கடிதத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முன்பணம் கட்டினால், பதிவு நாள் விலையா, வாங்கும் நாள் விலையா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.