எந்தப் பட்டை பின்தங்கினால் வீடு தாமதமாகும்?

வீடு கட்டும்போது இன்ஜினியர் நம் கையில் கொடுக்கும் தாள்களில் கான்ட் வரைபடமும் ஒன்று. இடது ஓரத்தில் வேலைகளின் பெயர்கள், மேலே நாட்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை ஒரு பட்டை. வேலை நடக்க நடக்கப் பட்டையில் அடர்நிறம் ஏறும். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910-களில் பரப்பிய முறை இது. பட்டைக்குப் பட்டை ஓடும் அம்புக்குறிகள் பிற்பாடு வந்து சேர்ந்தவை. ‘இது முடிந்தால்தான் அதைத் தொடங்கலாம்’ என்பதை அவை சொல்கின்றன.

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். அம்பைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்தால் கவலை தப்பான இடத்துக்குப் போய்விடும்.

தரைத்தளத்துக்கு மேல் தளம் போடும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். சுவர்கள் எழும்பிவிட்டன. சென்ட்ரிங் அடிக்க 6 நாள், கம்பி கட்ட 4 நாள், 11-ஆம் நாள் கான்கிரீட். ஹாலின் அகலம் 5 மீட்டர். தளத்தின் இடைவெளி 4.5 மீட்டரைத் தாண்டினால், சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு முட்டுகளை 14 நாளாவது விட்டுவைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல். ஆகவே 25-ஆம் நாள்வரை காத்திருப்பு, 26, 27-இல் சென்ட்ரிங் பிரிப்பு, 28-இல் உள்பூச்சு தொடக்கம். இந்த வேலைகள் எல்லாம் ஒரே அம்புச் சங்கிலியில் வருகின்றன. இடையில் ஒரு நாள்கூட உபரி கிடையாது.

இதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு நீளப் பட்டை இருக்கிறது. ஜன்னல் கிரில் செய்ய வெல்டிங் பட்டறைக்குக் கொடுத்த 20 நாள். முதல் நாளே ஆர்டர் கொடுத்தாயிற்று. அதன் அம்பும் உள்பூச்சில்தான் போய் முட்டுகிறது. ஆனால் கிரில் 20-ஆம் நாள் முடியும், பூச்சு 28-இல்தான் தொடங்கும். நடுவே 7 நாள் உபரி.

9-ஆம் நாள் மாலை, ‘இன்று’ என்ற நெடுக்குக் கோட்டை வரைகிறோம். கிரில் பட்டையில் 9 நாள் அளவுக்கு நிறம் ஏறியிருக்க வேண்டும், 5 நாள் அளவுக்குத்தான் ஏறியிருக்கிறது. கம்பி கட்டும் பட்டை முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும், பாதிதான் நிறைந்திருக்கிறது. பார்த்தவுடன் பட்டறைக்குப் போன் போடத் தோன்றும், அங்கே 4 நாள் பாக்கி என்பதால். அந்தப் பாக்கியை உபரி விழுங்கிவிடும், வீட்டுக்கு ஒரு நாளும் நட்டமில்லை. கம்பியில் விழுந்த ஒரு நாள் பாக்கியோ கான்கிரீட்டை 12-க்குத் தள்ளும். மிக்ஸர் மெஷினுக்கும் ஆட்களுக்கும் சொல்லிவைத்த நாள் மாறும். பிரிப்பு 27-இல் தொடங்கும், பூச்சு 29-க்குப் போகும். அன்று மாலை பேச வேண்டியது கம்பி கட்டும் மேஸ்திரியிடம்.

அவரிடம் இன்னும் நான்கு பேரை அழைத்து வரச் சொன்னால் அந்த நாளை மீட்க வழியுண்டு. கம்பி கட்டுவது ஆள் கூடினால் சுருங்கும் வேலை. காத்திருக்கும் 14 நாள் எத்தனை ஆளைப் போட்டாலும் சுருங்காது. அந்தப் பட்டையில் நிறம் தானாக நாளுக்கு நாள் ஏறும், ஏறுவதும் கான்கிரீட்டில் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொண்டால்தான் பொருள்படும். தாமதமான இடத்தில் இந்தப் பட்டையை வெட்டித் தேதியைச் சரிக்கட்டும் திட்டத்தை ஏற்காதீர்கள். முட்டை முன்கூட்டி எடுத்தால் தளம் தொய்யும், விரிசல் விடும். இடிந்து விழுந்தால் கீழே நிற்பவர்கள் நம் ஆட்கள்.

நிறத்தை எதை வைத்து ஏற்றுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தளம் முழுக்கக் கம்பி வலை விரிந்துவிட்டால் பார்ப்பவருக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். உத்தரங்களின் மேல் வரும் கூடுதல் கம்பி, அடியில் வைக்கும் கவர் பிளாக், எலெக்ட்ரீஷியன் பதிக்கும் பைப், இன்ஜினியரின் சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் பட்டையை முன்கூட்டியே பங்கு பிரித்துக்கொள்வது நல்லது: உத்தரக் கம்பி 50, தளத்தின் வலை 30, மீதி எல்லாம் சேர்த்து 20. ஒரு பங்கு முழுதாக முடிந்த பிறகே அதற்கு நிறம். மேலே சொன்ன வீட்டில் பாதி நிறம் என்றது இந்தக் கணக்கில்தான்: உத்தரம் முடிந்திருந்தது, வலை பாதியில் நின்றது.

தேதி தள்ளும்போது சிலர் பட்டையையே புதிய நாளுக்கு நகர்த்திப் புதுத் தாள் அச்சிட்டுத் தருவார்கள். அதில் எல்லாம் குறித்த நேரத்தில் நடப்பதாகத் தெரியும். பழைய திட்டத்தை ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் மெல்லிய சாம்பல் கோடாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். கம்பியில் போன ஒரு நாளும் மழையில் போன மூன்று நாளும் தனித்தனியாகத் தெரியும், அடுத்த தவணைப் பணம் கொடுக்கும்போது அந்தத் தாளை வைத்தே பேசலாம்.